மோட்டார் கடனில் நிற்கும் அந்த ‘1’

“ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் கிராணியாக வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார், அவருக்கு 2,100 வெள்ளி வருகிறது, அவர் பெயரில் எந்தக் கடனும் இல்லை. டவுனில் 250,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு பார்த்திருக்கிறோம். ஜூன் 10-ஆம் தேதி சிடோஸ் கடன் அறிக்கை எடுத்தேன், ஸ்கோர் 668 என்று வந்தது. ஏஜெண்டு 700-க்கு மேல் வேண்டும் என்று சொன்னதால், 24-ஆம் தேதி வேறொரு நிறுவனத்திலும் எடுத்துப் பார்த்தேன். அதில் எண்ணே வேறு மாதிரி இருக்கிறது, ‘அபாயம் அதிகம்’ என்று போட்டிருக்கிறது. ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு கணக்கு? பேங்க் எதைப் பார்க்கும்? போன தீபாவளி மாதம் மட்டும் மோட்டார் கடன் 210 வெள்ளி கட்ட முடியாமல் போனது. அதற்கப்புறம் ஒரு மாதம்கூட விட்டதில்லை. அறிக்கைகளின் எல்லாப் பக்கங்களையும் என் சம்பளச் சீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.”

வணக்கம்மா. எல்லாப் பக்கங்களையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் படம் பிடித்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம். உங்களுக்கான பதில் உள்ளே, சிக்ரிஸ் என்று தலைப்பிட்ட பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிக்ரிஸ் என்பது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவேடு. நாட்டிலுள்ள பேங்குகள் ஒவ்வொரு மாதமும் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் நிலவரத்தை அங்கே அனுப்புகின்றன. பிடிபிடிஎன் கல்விக்கடனும் அதில் ஏறுகிறது. அந்தப் பதிவேட்டில் ஸ்கோர் கிடையாது. நல்லவர், கெட்டவர் என்ற முத்திரையும் கிடையாது. ‘பேங்க் நெகாராவில் பேர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது’ என்று ஊரில் சொல்கிறார்களே, அப்படி ஒரு பட்டியலே அங்கே இல்லை. இருப்பது மூன்று விஷயம். எந்தக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி, கடந்த 12 மாதமாக எப்படிக் கட்டியிருக்கிறீர்கள், அண்மையில் எங்கெங்கே கடனுக்கு மனுப் போட்டிருக்கிறீர்கள்.

சிடோஸும் நீங்கள் போன இன்னொரு நிறுவனமும் தனியார் நிறுவனங்கள். 2010-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நடப்பவை. இரண்டும் உங்கள் அனுமதியோடு அதே சிக்ரிஸ் பதிவை வாங்குகின்றன. அதோடு நீதிமன்ற வழக்குகள், திவால் பதிவுகள், கம்பெனிப் பதிவுகள், கடைக்காரர்களும் தொலைபேசி நிறுவனங்களும் கொடுக்கும் பாக்கி விவரங்கள் ஆகியவற்றில் தங்களிடம் இருப்பதைச் சேர்த்து, தங்கள் சொந்த வாய்ப்பாட்டில் போட்டு ஒரு எண்ணை எடுக்கின்றன. ஒரே மாவை இரண்டு வீட்டில் கொடுத்தால் ஒரே ருசியில் தோசை வராது இல்லையா? அதே கதைதான். அளவுகோலும் ஒன்றில்லை. சிடோஸ் 300 முதல் 850 வரை எண் கொடுக்கிறது. மற்றதன் அளவுகோல் அதனுடையது. அதனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. யூடியூபில் ‘சிபில் 750 வேண்டும்’ என்று வரும் தமிழ் வீடியோக்களையும் விட்டுவிடுங்கள். அது இந்தியாவின் கணக்கு, அங்கே 900 வரை போகும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வாய்ப்பாடு வேறு என்பதோடு முடியவில்லை. இரண்டு அறிக்கைக்குள்ளும் இருக்கும் விவரங்களே ஒன்றாக இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம் தேதி. பேங்குகள் ஒரு மாதத்தின் கணக்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதி வாக்கில்தான் சிக்ரிஸில் ஏற்றி முடிக்கும். நீங்கள் ஜூன் 10-இல் எடுத்த அறிக்கையில் கடைசியாகத் தெரிவது ஏப்ரல் கணக்கு. 24-ஆம் தேதி எடுத்ததில் மே கணக்கும் வந்துவிட்டது. நடுவில் 14 நாள்தான், ஆனால் ஒரு முழு மாதம் நகர்ந்திருக்கிறது. அந்த மே மாதத்தில் உங்கள் கிரெடிட் கார்டு பாக்கி 1,100 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளிக்கு ஏறியிருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரமோ குளிர்ப்பெட்டியோ வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிடோஸ் தன் கணக்கைப் போட்டபோது அந்தக் கடன் அதன் கண்ணிலேயே படவில்லை.

இரண்டாவது காரணம், இரண்டாம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கைப்பேசி நிறுவனம் கொடுத்திருக்கும் 186 வெள்ளி பாக்கி. பழைய லைனை நிறுத்திவிட்டு வேறு கம்பெனிக்கு மாறியபோது கடைசி பில் கட்டாமல் விட்டுப்போயிருக்க வேண்டும். இப்படிப்பட்ட பாக்கியைக் கடன் கொடுத்தவர் எந்தத் தகவல் நிறுவனத்தில் உறுப்பினரோ, அங்கேதான் பதிவார். அதனால் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. தவணைக்குப் பொருள் கொடுக்கும் கடைகளின் பாக்கியும் பல நேரம் இப்படித்தான். இது ஸ்கோரைக் குறைக்கிறதா இல்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பேங்க் அதிகாரி அந்தப் பக்கத்தைப் புரட்டினால் நிச்சயம் கண்ணில் படும். 186 வெள்ளிக்காக ஒரு வீட்டுக் கடன் மேசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். இது இரண்டு அறிக்கையிலும் இருக்கிறது, நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மோட்டார் கடன் வரிசையைப் பாருங்கள். வலது பக்கம் 12 சின்னக் கட்டம் இருக்கும், ஒரு மாதத்துக்கு ஒன்று. உள்ளே இருக்கும் எண், அந்த மாத முடிவில் எத்தனை மாதத் தவணை பாக்கி என்பதைச் சொல்கிறது. 0 என்றால் ஒரு மாத அளவுக்குப் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதம், 2 என்றால் இரண்டு மாதம். 24-ஆம் தேதி அறிக்கையில் உங்கள் வரிசை, பழைய மாதத்திலிருந்து படித்தால் இப்படி இருக்கிறது: போன ஜூன் 0, ஜூலை 0, ஆகஸ்டு 0, செப்டம்பர் 0. அக்டோபர் 1. நவம்பர் 1, டிசம்பர் 1, ஜனவரி 1, பிப்ரவரி 1, மார்ச் 1, ஏப்ரல் 1, மே 1.

தீபாவளி மாதம் ஒன்றுதான் விட்டேன் என்கிறீர்கள். அது உண்மை. ஆனாலும் எட்டு கட்டத்தில் 1 நிற்கிறது. பேங்க் தப்பாகப் போடவில்லை. அக்டோபர் தவணை 210 வெள்ளி கட்டவில்லை. நவம்பரில் 210 கட்டினீர்கள், பேங்க் அதைப் பழைய பாக்கியான அக்டோபருக்கு வரவு வைத்தது. அப்போது நவம்பர் தவணை நிலுவையாகிவிட்டது. டிசம்பரில் கட்டியது நவம்பருக்குப் போனது, டிசம்பர் நின்றது. இப்படியே மே வரை. மாதம் தவறாமல் 210 வெள்ளி போகிறது, ஆனால் ஒவ்வொரு மாதமும் போன மாதத்துக்கான பணமாகவே போகிறது. நீங்கள் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருந்தால் இது எத்தனை வருஷம் ஆனாலும் தானாகச் சரியாகாது. அந்த ஏற்பாடு ஒரு தவணையை மட்டும்தான் பிடிக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேங்கில் கடன் பிரிவில் இருந்த வருஷங்களில் தோட்டப் பக்கத்து மனுக்களில் நான் மீண்டும் மீண்டும் பார்த்த காட்சி இது. ஒழுங்காகக் கட்டுகிற குடும்பம், ஒரே ஒரு மாதம் தடுமாறியிருக்கும். பேங்க் ஏட்டில் பார்த்தால் வருஷம் முழுக்கப் பாக்கிக்காரர் மாதிரி தெரியும். அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிடோஸ் தன் ஸ்கோரில் 45 விழுக்காட்டைக் கட்டிய வரலாற்றுக்கே கொடுக்கிறது. பாக்கியின் அளவுக்கு 20. மீதி, புதிய கடன் மனுக்கள், கடன்களின் வகை, எத்தனை காலமாகக் கடன் வைத்திருக்கிறீர்கள் என்பவற்றுக்கு. அதனால் 668 என்பது பெரும்பாலும் இந்த ‘1’களின் நிழல் என்றே நான் நினைக்கிறேன். சிடோஸின் படிநிலையில் 651 முதல் 696 வரை சுமார் என்ற இடம், 697 தாண்டினால் நல்லது. ஏஜெண்டு 700 என்று சொன்னது அங்கிருந்து எடுத்ததாக இருக்கலாம்.

இப்போது பேங்க் எதைப் பார்க்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லா பேங்குக்கும் பொதுவாக ‘இந்த எண் இருந்தால் கடன்’ என்று ஒரு எண் நம் நாட்டில் இல்லை. ஒவ்வொரு பேங்கும் தனக்கென்று ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. உங்கள் சம்பளம், வேலையில் இருந்த காலம், அந்த பேங்கிலேயே உங்கள் கணக்கு நடந்த விதம், சிக்ரிஸ் வரிசைகள், வாங்கப்போகும் வீடு, எல்லாம் அதற்குள் போகும். அந்த மதிப்பெண்ணை நீங்களும் பார்க்க முடியாது, ஏஜெண்டும் பார்க்க முடியாது. தனியார் நிறுவனத்தின் ஸ்கோரைச் சில பேங்குகள் அதில் ஒரு பகுதியாகச் சேர்க்கும். சில, மிகக் கீழே இருக்கும் மனுக்களை முதலிலேயே ஒதுக்கிவைக்க மட்டும் பயன்படுத்தும். மோட்டார் வாங்கக் கடன் கொடுக்கும் கம்பெனிகளும், கைப்பேசியிலேயே விரைவாகக் கடன் கொடுப்பவர்களும் அந்த எண்ணை நம்புவது அதிகம். வீட்டுக் கடன் அப்படியில்லை. அதிகாரி அந்தக் கட்டங்களைத் தானே படிப்பார். எங்கள் மேசையில் முதலில் விரல் போகும் இடம் கடைசி ஆறு மாதம். அதில் வரிசையாக 1 இருந்தால், ஸ்கோர் 668-ஆ 705-ஆ என்று நாங்கள் திரும்பிப் பார்த்ததில்லை.

கட்டங்களுக்கு அப்புறம் பார்ப்பது கட்டும் சக்தி. 2012 ஜனவரியிலிருந்து, கடன் வாங்குகிறவரால் உண்மையில் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தே கடன் கொடுக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. உங்கள் எண்களை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் போக உங்கள் கைக்கு வருவது 2,900 வெள்ளி என்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. மோட்டார் 210, பிடிபிடிஎன் 150. கிரெடிட் கார்டுக்குப் பல பேங்குகள் பாக்கியில் 5 விழுக்காட்டை மாதத் தவணையாக எடுத்துக்கொள்ளும், 3,000-க்கு அது 150. ஆக இப்போதே மாதம் 510 வெள்ளி. வீட்டு விலையில் 90 விழுக்காடு, 225,000 வெள்ளி, 35 வருஷத்துக்கு, வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் தவணை ஏறக்குறைய 1,023 வெள்ளி. மொத்தம் 1,533. உங்கள் சம்பளத்தில் 53 விழுக்காடு. எவ்வளவு வரை போகலாம் என்பதை ஒவ்வொரு பேங்கும் தானே வைத்துக்கொள்ளும், சம்பளம் குறைவாக இருந்தால் அந்த எல்லையும் இறுகும். 53 என்பது உங்கள் வருமானத்துக்கு இறுக்கமான இடம். கார்டை அடைத்துவிட்டால் 48-க்கு இறங்கும்.

வீட்டுக்காரரையும் சேர்த்து மனுப் போட்டால் கணக்கே மாறிவிடும். அவருக்கு 2,100 வருகிறது என்றும், அவர் பெயரில் எந்தக் கடனும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கார்டை அடைத்த பின் 5,000-க்கு 1,383, அதாவது 28 விழுக்காடுதான். அவருக்கு ஸ்கோர் இல்லை என்று அறிக்கையில் வந்தால் பயப்பட வேண்டாம். கடனே வாங்காதவரைப் பற்றி அளந்து சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். அது கெட்ட பெயர் இல்லை. அவர் சம்பளம் பேங்க் கணக்கில் விழுகிற பதிவு ஆறு மாதத்துக்காவது இருக்க வேண்டும். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு மிகைநேரச் சம்பளம் மாதத்துக்கு மாதம் மாறும், அதை பேங்க் முழுசாக எடுத்துக்கொள்ளாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஜூலை மாதம் முடிவதற்குள் மோட்டார் கடன் கொடுத்த பேங்க் கிளைக்கு நேரில் போங்கள். ‘மொத்த நிலுவை எவ்வளவு, தாமத வட்டி எவ்வளவு, இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும்’ என்று கேளுங்கள். வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி தாமத வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 210 வெள்ளிக்கு மாதம் 1 வெள்ளி 40 காசுதான், மே வரையிலான எட்டு மாதத்துக்கு 11 வெள்ளி 20 காசு. இந்த மாதத் தவணையோடு சேர்த்து இன்னொரு 210-உம் தாமத வட்டியும் கட்டிவிட்டால் கட்டம் 0-க்குத் திரும்பும். தாமத வட்டியை விட்டுவிடாதீர்கள், சில்லறைப் பாக்கி கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் அடைத்தால் அந்த 0 ஆகஸ்டு நடுவில்தான் சிக்ரிஸில் தெரியும். அதை நீங்களே பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. eccris.bnm.gov.my என்ற தளத்தில் பதிவு செய்துகொண்டால் உங்கள் சிக்ரிஸ் அறிக்கை இலவசம். பதிவு செய்வது சிரமமாக இருந்தால் ஈப்போவில், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்தில் உதவி கேளுங்கள், அங்கே ஆலோசனைக்கும் கட்டணம் இல்லை. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள். ஆகஸ்டு கடைசியிலும் 1 நின்றால் ரசீதோடு அதே பேங்குக்குப் போக வேண்டும். சிக்ரிஸில் ஏறும் விவரத்தை அனுப்பிய பேங்க்தான் திருத்த முடியும். சிடோஸிடம் கேட்டாலும் அவர்கள் பேங்குக்குத்தான் போகச் சொல்வார்கள். கைப்பேசிப் பாக்கி அப்படியில்லை. 186 வெள்ளியை அந்தக் கம்பெனியில் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, அதைப் பதிவு வைத்திருக்கும் தகவல் நிறுவனத்துக்கு நீங்களே அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். தப்பான, பழைய விவரத்தைத் திருத்தச் சொல்லும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

வீட்டு மனுவை எப்போது போடலாம்? ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு கட்டமும் 0 ஆகி, ஜனவரி நடுவில் அது பதிவில் தெரிந்த பிறகு போடுங்கள் என்பது என் கருத்து. அப்போதும் பழைய ‘1’கள் சில வரிசையின் தொடக்கத்தில் இருக்கும். ஆனால் அதிகாரி கேட்டால், ஒரு மாதம் விட்டுப்போனது, தெரிந்ததும் அடைத்துவிட்டோம் என்று ரசீதைக் காட்ட முடியும், அதற்கப்புறமான ஆறு மாதமும் அதையே சொல்லும். அந்த ஆறு மாதத்தில் வேறு எங்கேயும் கடனுக்கு மனுப் போடாதீர்கள்.

ஏஜெண்டு இப்போதே நாலு பேங்குக்கு அனுப்பிப் பார்க்கலாம், எதிலாவது கிடைக்கும் என்பார். வேண்டாம். முடிவாகாமல் நிலுவையில் இருக்கும் மனுக்கள் சிக்ரிஸில் அடுத்த பேங்குக்குத் தெரியும், எட்டு ‘1’ இருக்கிற வரிசைக்குக் கீழே நாலு மனு நிற்பது உங்களுக்கு நல்லதில்லை. முன்பணம் கேட்டால், கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். அந்த வீடு கைநழுவினால் மனசு வலிக்கும், தெரியும். ஆனால் இப்போது மனுப் போட்டால் கடன் கிடைக்காமல் அதே வீடு கைநழுவ வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. உங்கள் அறிக்கையில் இருக்கும் முகவரி பழைய தோட்டத்து லயத்து வீடு. பாக்கி பற்றி பேங்க் அனுப்பிய கடிதங்கள் அங்கேதான் போயிருக்கும், தோட்ட ஆபிசில் யாராவது எடுத்துவைத்திருந்தால் உண்டு. பேங்குக்குப் போகிற அன்றே ஐசியைக் கொடுத்து இப்போதைய முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்கும் மாற்றச் சொல்லுங்கள். கைப்பேசிக் கம்பெனியிலும் அதே வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.